மறைத்துக்கொண்ட கைகள்



என் பேத்திக்கு அப்பொழுது மூன்று வயது. ஒருநாள் மாலையில் அவளை எதிரே உட்காரவைத்து, ஆலயத்தில் கீர்த்தனைக்குத் தட்டுகிற அதே நிதானத்தில் கை தட்டிக் காட்டினேன். அவளோ நாலு தட்டுக்குள் என்னை முந்திக்கொண்டு ஓடிவிட்டாள். "மெதுவாக, தாத்தாவைப் பார்த்துத் தட்டு" என்று மூன்று முறை திருத்தினேன். நான்காம் முறை அவள் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதன்பின் ஒரு வாரம் அவள் என்னோடு கை தட்டவேயில்லை.

பிழை என்னுடையது. சிறு பிள்ளைகளின் இயல்பான வேகம் நம்முடையதைவிட விரைவானது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே நீண்ட நேரம் காத்திருக்க அந்த வயதில் அவர்களால் இயலாது. அவள் தாளம் தவறவில்லை. தன் தாளத்தில் இருந்தாள்.

ஆகவே முறையை மாற்றினேன். சிறிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் கால் பங்கு அரிசி இட்டு, மூடியை இறுக்கி, அதன்மேல் ஒட்டும் நாடாவைச் சுற்றினேன். மூடி கழன்றால் அரிசி பிள்ளையின் வாய்க்கோ மூக்கிற்கோ போகக்கூடும். ஆகையால் அதை அவள் கையில் கொடுத்தபோதெல்லாம் அருகிலேயே இருந்தேன். போத்தலை நிறைய நிரப்பினால் அரிசி அசையாது, ஓசையும் எழாது. அவள் தன் விருப்பப்படி குலுக்கினாள். நான் அந்த வேகத்திற்கு ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் தட்டினேன். இரண்டு நிமிடத்தில் சலித்து எழுந்து போனாள், நான் தடுக்கவில்லை. மறுநாள் அவளே போத்தலைக் கொண்டுவந்தாள்.

சில வாரங்கள் சென்றபின், 'கைவீசம்மா' பாட்டை அவள் வேகத்திலேயே பாடி, கைகளைச் சேர்த்துத் தட்டினோம். எழுத்துக்கு எழுத்து தட்டாமல், நடக்கும்போது கால் விழுகிறதுபோல ஒரே சீராகத் தட்டினேன். சொற்கள் விரைந்தாலும் நீண்டாலும் தட்டு மாறாது என்பதை விளக்கிச் சொல்லாமலே அவள் கைகள் மெல்லக் கண்டுகொண்டன.

பின்பு ஒரு விளையாட்டு. பாட்டின் நடுவே பாடுவதையும் தட்டுவதையும் சட்டென நிறுத்திவிட்டு, நான்கு தட்டு கழித்து மீண்டும் தொடங்குவேன். முதலில் அவள் நிற்காமல் தட்டிக்கொண்டே போவாள். ஒருநாள் என்னோடு நின்றாள்; கைகள் அசையவில்லை, தலைமட்டும் அந்த நான்கையும் எண்ணுவதுபோல் அசைந்தது. ஓசையில்லாத இடத்திலும் அவளுக்குள் தாளம் ஓடுகிறதென்று அதனால் அறிந்தேன்.

அதன்பிறகே என் நிதானத்திற்குச் சற்று வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், காத்திருந்தாள், சேர்ந்து தட்டினாள். எப்போதும் அல்ல, சிலவேளை மட்டும்.

உங்கள் வீட்டுச் சிறு பிள்ளை உங்களை முந்தி ஓடினால், திருத்துமுன் ஒரு வாரம் அதன் பின்னே சென்று பாருங்கள். என் பேத்தி என்னைப் பின்பற்றியது, நான் அவளைப் பின்பற்றிய பின்னரே.