நாலு பப்ளிகேஷனா, ஒண்ணா? மேற்படிப்புக்கு சிவி எழுதுற கதை

1/ போன வாரம் ஒரு தம்பி தன்னோட சிவியை அனுப்பியிருந்தார். எம்பிபிஎஸ் முடிச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை. இங்கிலாந்துல எம்பிஎச் படிக்க விண்ணப்பிக்கிறார். திறந்து பார்த்தா, பல வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினதையே மறுபடி பார்த்த மாதிரி இருந்துச்சு. அதே தப்புகள். அதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ முதல் பக்கத்துல பாதி இடம் போட்டோ, அப்பா பெயர், மதம், திருமணம் ஆயிடுச்சா இல்லையான்னே போயிருச்சு. கடைசில "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை"ன்னு உறுதிமொழி, கையெழுத்து. இது பயோடேட்டா. நம்ம ஊர் வேலைக்கு ஓகே. பல்கலைக்கழகத்துக்கு அனுப்புற சிவியில பெயர், ஈமெயில், போன் நம்பர் போதும். மத்ததை எல்லாம் எடுங்க.

3/ அடுத்து படிப்பு. பத்தாவதுல ஆரம்பிச்சு, பன்னிரண்டாவது வந்து, எம்பிபிஎஸ் மூணாவது வரியில இருந்துச்சு. இதைத் தலைகீழாக்கணும். சமீபத்துல முடிச்சதுதான் மேல. பள்ளிக்கூடம் வேணும்னா கடைசில ஒரு வரி.

"சிஆர்ஆர்ஐ"ன்னு மட்டும் எழுதினா லண்டன்ல உக்காந்து படிக்கிறவருக்குப் புரியாது. ஓராண்டு கட்டாயப் பயிற்சி மருத்துவர்னு விரிச்சு, எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழேயே போடுங்க. மார்க்கை சான்றிதழ்ல இருக்கிற சதவீதமாவே கொடுங்க. நீங்களா ஜிபிஏவா மாத்தாதீங்க.

4/ இப்ப முக்கியமான இடம், ஆராய்ச்சி. தம்பி "பப்ளிகேஷன்ஸ்"னு ஒரே தலைப்புல நாலு போட்டிருந்தார். போன்ல ஒவ்வொண்ணா கேட்டேன்.

முதல் கட்டுரை ஜர்னல்ல வந்தாச்சு. ரெண்டாவது அனுப்பியிருக்கார், பதில் வரல. மூணாவது மாநாட்டுல வெச்ச போஸ்டர். நாலாவது மாணவரா இருந்தப்ப ஐசிஎம்ஆரோட எஸ்டிஎஸ் திட்டத்துல செஞ்ச ரெண்டு மாச ஆய்வு, கட்டுரையா எழுதவே இல்ல.

ஆக, பப்ளிகேஷன் ஒண்ணுதான்.

5/ இதுல நான் கறாரா இருக்கக் காரணம் இருக்கு. என் முதல் விண்ணப்பத்துல நானும் அனுப்பி மட்டும் வெச்சிருந்த ஒரு கட்டுரையை பப்ளிகேஷன்ல சேர்த்திருந்தேன். எப்படியும் வந்துடும்னு ஒரு நம்பிக்கை. நேர்காணல்ல ஒரு பேராசிரியை, "இந்தக் கட்டுரையைத் தேடினேன், கிடைக்கல. எந்த இதழ்?"னு சாதாரணமாத்தான் கேட்டாங்க. இன்னும் வரலன்னு சொன்னேன். சரின்னு குறிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் மீதி சிவியைப் பத்தி எந்தக் கேள்வியும் வரல. இடமும் கிடைக்கல. அது ஒண்ணுதான் காரணமான்னு தெரியாது. ஆனா அந்த நிமிஷம் இன்னும் மறக்கல.

6/ அதனால நாலையும் பிரிச்சோம். வெளியானவை. பரிசீலனையில் உள்ளவை. மாநாட்டில் வழங்கியவை. ஆய்வு அனுபவம். ஏற்பு மெயில் கையில வர்ற வரைக்கும் "ஏற்கப்பட்டது"ன்னு எழுதக் கூடாது.

வெளியான கட்டுரையில அவர் மூணாவது ஆசிரியர். சிவியில தன் பெயரை முதல்ல கொண்டு வந்திருந்தார். அது தப்பு. கட்டுரையில இருக்கிற வரிசை அப்படியே இருக்கட்டும், உங்க பெயரை மட்டும் தடிமனாக்குங்க. எஸ்டிஎஸ் ஆய்வுக்குக் கீழ என்ன கேள்வி, எத்தனை நோயாளிகள், நீங்க செஞ்ச வேலை என்னன்னு ரெண்டு வரி எழுதுங்க. தலைப்பு மட்டும் பார்த்தா யாருக்கும் எதுவும் புரியாது.

7/ கற்பித்தல்னு எதுவுமே போடல. "நான் எங்கண்ணா பாடம் எடுத்தேன்"னார். கிராம சுகாதார செவிலியர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தாங்கன்னு கேட்டேன். "நான்தான், மாசம் ஒரு தடவை". அதுதாங்க கற்பித்தல். யாருக்கு, எந்தத் தலைப்புல, எத்தனை வகுப்பு, எந்த வருஷம்னு எழுதணும்.

8/ விருதுகள்ல பள்ளிப் பேச்சுப்போட்டி, கல்லூரி கேரம் எல்லாம் இருந்துச்சு. எடுத்தாச்சு. மிஞ்சினது ஒரு தங்கப் பதக்கம். வெறும் "தங்கப் பதக்கம்"னு விடாம, எந்தப் பாடம், யார் கொடுத்தாங்க, எத்தனை பேர்ல முதலிடம்னு சேர்த்தோம்.

9/ கடைசி வரிசை: கல்வி, ஆராய்ச்சி, பணி அனுபவம், கற்பித்தல், விருதுகள். இது ஆய்வு சார்ந்த படிப்புக்கு. வகுப்பு சார்ந்த எம்பிஎச்சுக்கு பணி அனுபவத்தை ஆராய்ச்சிக்கு மேல ஏத்தலாம். ஆரம்ப சுகாதார நிலைய வேலைதான் அங்க உங்க பலம். தம்பிக்கும் அப்படித்தான் மாத்தினோம். கல்வி மட்டும் எப்பவும் முதல்ல. தேதிகள் எல்லாம் வலது ஓரத்துல ஒரே நேர்க்கோட்டுல.

10/ நாலு பக்கம் ரெண்டாச்சு. "ஒரே ஒரு பப்ளிகேஷன்தான்ணா, காலியா தெரியுது"ன்னார். தெரியட்டும் தம்பி. யாராவது தேடினா, அந்த ஒண்ணு கிடைக்கும்.