நானூற்றில் ஒன்று

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் சேகரிக்கும் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் கண் எரியும். சிரட்டையில் வடிந்த பாலை அப்படியே விட்டால், நுண்ணுயிர்கள் பெருகி அதில் அமிலம் கூடும். சில மணி நேரத்தில் பால் உறைந்துவிடும். அதைத் தடுக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். கண்ணைக் கரிக்கும் அந்த நெடியைப் பிறகு தரை துடைக்கும் புட்டியிலும் முகர்ந்தபோது, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடத் தொடங்கினேன்.

வீட்டுக்கான அம்மோனியாக் கரைசலில் எடைக்கணக்கில் 5 விழுக்காடு அம்மோனியா என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு சுமார் 48.9 கிராம். ஒரு மோல் 17.03 கிராம். ஆக, லிட்டருக்கு 2.87 மோல். இதே செறிவில் காஸ்டிக் சோடா என்றால் முழுவதும் அயனிகளாகப் பிரிந்து, pH 14-ஐத் தாண்டிவிடும். அம்மோனியா அப்படிப் பிரிவதில்லை.

NH₃ + H₂O ⇌ NH₄⁺ + OH⁻

இந்தப் பிரிகை எங்கே நிற்கும் என்பதைக் காட்டுவது காரப் பிரிகை மாறிலி Kb. 25 டிகிரி செல்சியஸில் அது 1.8 × 10⁻⁵. உருவாகும் OH⁻ அளவை x என்போம். அது 2.87-க்கு முன்னால் மிகச் சிறியது என்பதால், கழிக்காமலே கணக்கிடலாம்.

x² = 1.8 × 10⁻⁵ × 2.87
x = 0.0072
pOH = 2.14
pH = 14 − 2.14 = 11.86

அந்த 0.0072-ஐ 2.87-ஆல் வகுத்தபோதுதான் தேடியது கிடைத்தது. வெறும் 0.25 விழுக்காடு! நானூறு மூலக்கூறுகளில் ஒன்றுதான் அயனியாகிறது. மிச்சம் 399-உம் அம்மோனியாவாகவே நீரில் கிடக்கின்றன. மூடியைத் திறந்ததும் மூக்கைத் தாக்குவது அவற்றில் தப்பி வருவதுதான்.

புட்டியிலிருந்து 100 மில்லி எடுத்து, நீர் ஊற்றி 10 லிட்டராக்கினால்? செறிவு நூற்றில் ஒரு பங்காகிறது, pH-ஓ 10.86-க்குத்தான் இறங்குகிறது. பிரிகை 2.5 விழுக்காடாக ஏறிவிடுவதே காரணம். நீர்க்க நீர்க்கப் பிரிகை கூடும் என்பதை 1888-இல் விதியாக வகுத்தவர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட்.

ரப்பர் பாலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பாலிலுள்ள அமிலங்கள் அம்மோனியாவின் ஒரு பகுதியை அம்மோனியம் உப்பாக்கிவிடுவதால், pH கணக்கைவிடக் கீழே நிற்கும். ஆனால் பாலைக் காப்பதில் அந்த 399-க்கும் பங்குண்டு. நுண்ணுயிர் உண்டாக்கும் அமிலம் OH⁻-ஐத் தின்னத் தின்ன, பிரியாமல் இருந்த அம்மோனியா பிரிந்து அந்த இடத்தை நிரப்புகிறது.

ஆகவே அம்மோனியா இட்ட பாலை ஷீட் அடிக்க நினைப்பவர்கள், pH தாளை மட்டும் பார்த்து ஃபார்மிக் ஆசிட்டை அளக்க வேண்டாம். தாள் காட்டுவது பிரிந்த சிறு பங்கை மட்டுமே. ஆசிட் தீர்க்க வேண்டியதோ பாலில் இருக்கும் அம்மோனியா முழுவதையும்.