ஞாயிற்றுச் சந்தைக்கு எத்தனை மணிக்குப் போவது?

லீவுக்கு வரும் சொந்தங்கள் "எங்க போகலாம்?" என்று கேட்டால், நாங்கள் அக்கரப்பத்தனை பஜாருக்குத்தான் கூட்டிப் போவோம். தோட்டத்தில் வேலையில்லாத நாள் ஞாயிறு, சந்தை களைகட்டுவதும் அன்றுதான்.

முதலில் திகதியைப் பாருங்கள். சம்பளம் 10ஆம் திகதியளவில் கைக்கு வரும். அதையடுத்த ஞாயிறு நல்ல சனம், ஆனால் விலை இறங்காது. மலிவாக வாங்க மாதக் கடைசி ஞாயிறுதான் சரி.

அடுத்தது நேரம். மரக்கறியைத் திருப்பி ஏற்றிப் போக வியாபாரிகளுக்கு விருப்பமில்லை. பின்னேரம் கூறு கட்டி மலிவாகக் கொடுப்பார்கள்.

கருவாடு அப்படியல்ல. போன டிசம்பரில் கொழும்பு மச்சான், "பொறுங்க, பின்னேரம் விலை குறையும்" என்றார். லுஹருக்குப் பிறகு மழை. நாலு மணிக்கு மலிவாக ஒரு கிலோ நெத்தலி வாங்கினோம். வீட்டில் காயவைத்து நிறுத்தால் 800 கிராம்தான். மிச்சம் தண்ணீர்! விரலால் அமத்தினால் வளைந்து ஒட்டும் நெத்தலி ஈரம்; காய்ந்தது சட்டென்று ஒடியும்.

ஆகவே கருவாட்டைக் காலையிலேயே வாங்குங்கள். மரக்கறிக்குப் பின்னேரம் நில்லுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.