குறுஞ்செய்தியிலே ஒரு காதற் கதை

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் சிலர் தமது கையெழுத்துச் சஞ்சிகைக்கு எம்மிடம் ஒரு கதை கேட்டனர். கைபேசிக் குறுஞ்செய்திகளால் மட்டுமே அமைந்த காதற் கதையாக அஃது இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் நிபந்தனை. கடிதங்களாலாய கதை தமிழுக்குப் புதிதன்று. மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ உண்டு. ஆதலின், கடிதத்தைச் சுருக்கினால் குறுஞ்செய்தி ஆகும் என்று எண்ணி, இரண்டே இரவில் எழுதி முடித்தோம். எழுதியது முற்றும் பிழை.

நீர் இறைக்கும் மோட்டர் திருத்தும் இளைஞன் ஒருவன். தாயுடன் வாழும் ஆசிரியை ஒருத்தி. எமது முதற் படியிலே அவள் அவனுக்கு இவ்வாறு எழுதினாள்: “நேற்று நீலச் சட்டை அணிந்து எங்கள் கிணற்றடியில் நின்று மோட்டரைத் திருத்தினீர்களே, அப்போது என் அன்னை தந்த தேநீரையும் அருந்தாது சென்றீர்கள்.” சஞ்சிகை ஆசிரியனாகிய மாணவன் இதனை வாசித்துவிட்டுப் பணிவுடன், “சேர், அவர் என்ன சட்டை போட்டவர் எண்டு அவருக்குத் தெரியும்தானே?” என்றான். யாம் பதிலின்றி இருந்தோம். அச்செய்தியை அவள் அவனுக்கு எழுதவில்லை. அவள் தோள்மேலாக யாமே வாசகருக்கு எழுதியிருந்தோம். இவ்வகைக் கதையிற் பெரும்பாலும் நேரும் பிழை இதுவே. பெறுபவர் முன்னரே அறிந்ததொன்றைச் செய்தி சொல்லுமாயின், அங்கே ஆசிரியனின் தலை தெரிகின்றது என்று கொள்ளலாம்.

அகத்திணைப் பாடல்களைப் பல்லாண்டு கற்பித்தும் இது எமக்குத் தோன்றாமற் போனது வெட்கமே. அங்கே புலவன் தன் குரலிற் பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், பெயரும் சுட்டப்படுவதில்லை. ஆயினும் கூற்றைக் கேட்ட மாத்திரத்தே நடந்தது யாதென அறிகிறோம்.

மற்றொரு பிழை நீளம். உலகின் முதற் குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு திசம்பர் 3ஆந் திகதி நீல் பாப்வேர்த் என்னும் பொறியியலாளர் அனுப்பிய நத்தார் வாழ்த்து. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் இடமுண்டு; தமிழுக்கோ 70 மட்டுமே. அதிலும் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படும். ‘தண்ணி வரேல்லை’ என்பதில் நமக்குத் தெரிவன ஏழு எழுத்துகள். கருவியின் கணக்கில், இடைவெளியையும் சேர்த்து, பதின்மூன்று. மேற்கண்ட நீலச் சட்டை வாக்கியம் ஒரு செய்திக்குள் அடங்கவே அடங்காது. இன்று வட்ஸ்அப்பிலே இவ்வெல்லை இல்லை எனினும், சுருக்கமாய் எழுதும் பழக்கம் கைவிரல்களில் நிலைத்துவிட்டது.

மொழியிலும் யாம் இறங்கிவர வேண்டியதாயிற்று. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்துலகில் நடந்த மரபுப் போராட்டத்தைப் பற்றி வகுப்பிற் பேசும்போதெல்லாம் எமது சாய்வு மரபின் பக்கமே. ஆனால் மோட்டர் ஓடாதபோது எவரும் இலக்கண வழக்கில் எழுதுவதில்லை.

எனவே மீண்டும் தொடங்கினோம். இம்முறை ஒரே விதி: ஒவ்வொரு செய்திக்கும் அதனை அனுப்புதற்கு ஒரு தேவை இருத்தல் வேண்டும். கதை ஆவணி மாதத்திலே, கிணறுகள் வற்றுங் காலத்திலே தொடங்குகின்றது. அவள் எழுதுகிறாள்: “வணக்கம். கடையில உங்கட நம்பர் தந்தவை. மோட்டர் ஓடுது, தண்ணி வரேல்லை.” அவன்: “புட்வால்வு கசியும் போல. பத்து மணிக்கு வாறன்.” அவன் வந்து மாற்றிச் செல்கிறான். ஒரு கிழமையின் பின் மீண்டும் தண்ணீர் இல்லை. கிணற்று நீர் புட்வால்வுக்குக் கீழே இறங்கினால் மோட்டர் காற்றைத்தான் இழுக்கும்; ஆகவே அவன் கேட்கிறான்: “கிணத்தில எவ்வளவு நிக்குது? கயித்தில கல்லைக் கட்டி விட்டு, நனைஞ்ச இடத்தை முழத்தால அளவுங்கோ.” அவள்: “நாலு முழம்.” அவன்: “காணும். புட்வால்வைக் கொஞ்சம் பதிச்சு விடுறன்.”

இதுவரை காதல் இல்லை. மறுநாட் காலை 6.05க்கு, எவரும் கேளாமலே, அவள் அனுப்புகிறாள்: “இண்டைக்கு மூண்டே முக்கால்.” இங்கேதான் கதை பிறக்கின்றது. தேவை அரைவாசி உண்டு, அரைவாசி இல்லை. அவனும் “சரி” என்கிறான். நாள்தோறும் 6.05க்கு ஒரு முழக் கணக்கு; நாள்தோறும் ஒரு “சரி”. ஒருநாட் கணக்கு 6.40க்கு வருகின்றது. அவன் 6.20க்கே “அம்மாவுக்குச் சுகமோ?” என்று கேட்டிருக்கிறான். சொற்களைக் காட்டிலும் மணிக்கணக்கே இங்கே பேசுகின்றது என்பதை எழுத எழுதத்தான் கண்டோம். கதைசொல்லி இல்லாத கதையிலே காத்திருப்பைக் காட்ட வேறு வழியும் இல்லை.

ஐப்பசியில் மழை பெய்து கிணறு நிரம்புகின்றது. அவள்: “பதினொரு முழம்!” அவன்: “நல்லம். இனி அளக்கத் தேவையில்லை.” அந்தப் பேதை உதவியாகத்தான் சொன்னான். அதன்பின் ஒன்பது நாட்கள் எதுவும் இல்லை. தாளிலே இதனை எப்படிக் காட்டுவது என்று நெடுநேரம் மயங்கினோம். அவன் எழுதி அழித்த ஒரு செய்தியின் சுவடாக ‘நீக்கப்பட்டது’ என்ற வரியை இடலாமோ எனவும் எண்ணினோம். அது மலிந்த உத்தி; விட்டுவிட்டோம். அடுத்த செய்தியின் திகதியே போதியதாயிற்று.

பத்தாம் நாட் காலை 6.05க்கு அவன் எழுதுகிறான்: “இண்டைக்கு எத்தினை முழம் எண்டு நீர் சொல்லேல்லை.”

அதுவரை ‘அளவுங்கோ’ என்றும் ‘உங்கட’ என்றும் எழுதியவன் ‘நீர்’ என்கிறான். நம் பகுதியில் வளர்ந்தோர்க்கு இதன் கனம் விளங்கும். ‘நீ’ என்றிருந்தால் அவள் அவனது இலக்கத்தையே தடைசெய்திருப்பாள். ‘நீங்கள்’ என்றிருந்தால் மோட்டர்க்காரனாகவே நின்றிருப்பான். கணவன் மனைவியை விளிக்கும் மதிப்பான ‘நீர்’, பேச்சிலே இயல்பாய் நழுவி விழுந்ததுபோல் விழ வேண்டும். கிணற்று நீரும் அதனுள் நிற்பது எமக்குப் பின்னரே தெரிந்தது. தெரிந்தபின் மாற்ற மனமில்லை.

முடிவில் மீண்டும் வழுக்கினோம். அவளது மறுமொழியாக, அன்பை வெளிப்படுத்தும் மூன்று வரிகளை எழுதி, படியை மனைவியிடம் கொடுத்தோம். யாம் மன்னாரிற் படிப்பித்த நான்கு ஆண்டுகளும் அவர் ஊரிலே பிள்ளைகளுடன் தனித்திருந்தவர். அக்காலத்து எமது சிறு கைபேசியில் இடம் போதாமையால், பழைய செய்திகளை அழித்தே புதியவற்றைப் பெற்றோம். அவர் அனுப்பியவை பெரும்பாலும் “போய்ச் சேந்தாச்சோ”, “சாப்பிட்டாச்சோ”, “மழையோ” என்பனவே. கருத்தில்லாதவை என்று கருதி முதலில் அவற்றையே அழித்தோம். சம்பளப் பட்டியல் பற்றிய செய்திகளைப் பேணி வைத்திருந்தோம்.

அவர் கதையை ஒருமுறை வாசித்தார். “இவ்வளவு நாளும் முழம் அளந்த பிள்ளை, இப்பிடி ஏன் கதைக்கப்போறா?” என்றார். பின் பென்சிலை எடுத்து அம்மூன்று வரிகளையும் வெட்டி, கீழே எழுதினார்:

“பத்தே முக்கால். நேற்றுப் பதினொண்டு.”

நேரம் என்ன இடுவது என்று கேட்டோம். “6.06” என்றார். ஒரு நிமிடத்திற் கிணற்றடிக்குப் போய் அளந்து வர இயலாதே என்றோம். அவர் எம்மைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டார்.