நடுவை விட்டு ஓரத்தைப் படியுங்கள்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குச் சொந்தபந்தம் கொடுக்கும் புது உத்தியோகம் ஒன்று இருக்கிறது. யார் போனுக்காவது மிரட்டலாகவோ ஆசை காட்டியோ ஒரு செய்தி வந்தால், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பி, "இது நெசமா?" என்று கேட்பார்கள். சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் வந்த படங்களைப் பார்த்துப் பார்த்து ஒன்று புரிந்திருக்கிறது. ஏமாற்றுக்காரன் தன் சாமர்த்தியத்தையெல்லாம் செய்தியின் நடுப்பகுதியில் கொட்டுகிறான். அவன் மாட்டிக்கொள்வது ஓரங்களில்.

மன்னார்குடியிலிருந்து அத்தை அனுப்பிய படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் வங்கிக் கணக்கு இன்று முடக்கப்படும். உடனே பான் எண்ணைப் புதுப்பிக்கக் கீழே உள்ள லிங்கை அழுத்தவும்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. பிழை எதுவும் இல்லை. ஒருகாலத்தில் எழுத்துப் பிழையை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தக் காலம் போய்விட்டது. வங்கி அனுப்பும் செய்தியை அப்படியே நகலெடுத்து, லிங்கை மட்டும் மாற்றினால் போதுமே.

நான் உடனே போன் போட்டேன்.

"அத்தை, மேல கொஞ்சம் வெட்டிட்டீங்களே, யாரு அனுப்பினதுன்னு தெரியல. வெட்டாம முழுசா அனுப்புங்க."

"மேட்டர் இதுதானேப்பா, அதான் இத மட்டும் எடுத்தேன்."

பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். விஷயம் என்று நினைத்து நடுவை வைத்துக்கொண்டு, விஷயம் இருக்கிற தலைப்பகுதியை வெட்டிவிடுகிறார்கள்.

முழுப் படம் வந்தது. மேலே, பத்து இலக்க செல்போன் எண். பாதி தீர்ப்பு அங்கேயே முடிந்தது. நம் நாட்டில் வங்கிகள் எஸ்.எம்.எஸ். அனுப்புவது தனியாள் எண்ணிலிருந்து அல்ல. டிராய் விதிப்படி பதிவு செய்த ஒரு பெயரிலிருந்து. அது `VM-MYBANK-S` என்பது போலிருக்கும். முதல் இரண்டு எழுத்துகள் எந்த செல்போன் நிறுவனம், எந்த வட்டாரம் என்பதைச் சொல்லும். நடுவில் இருப்பது அனுப்புபவரின் பெயர். 2025 மே மாதத்திலிருந்து கடைசியில் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கிறது: விளம்பரம் என்றால் P, சேவைச் செய்தி என்றால் S, ஓ.டி.பி. போன்ற பரிவர்த்தனைச் செய்தி என்றால் T, அரசு என்றால் G.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து, முன்கூட்டிப் பதிவு செய்யாத லிங்க் உள்ள எஸ்.எம்.எஸ்.களை அந்தப் பதிவுப் பெயர்கள் வழியாக விடக் கூடாது என்று டிராய் தடுத்துவிட்டது. வழி அடைபட்டவன் சந்து தேடுவான் அல்லவா? சாதாரண செல்போன் எண், வாட்ஸ்அப், வங்கிச் சின்னத்தை முகப்புப் படமாக வைத்த கணக்கு என்று நுழைகிறான். வாட்ஸ்அப் படத்தில் பெயரை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். அந்தப் பெயரை அவனே வைத்துக்கொண்டிருக்கலாம். எண்ணைப் பாருங்கள்.

அதற்காகப் பதிவுப் பெயர் சரியாக இருந்தாலே செய்தி உண்மை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அதையும் போலியாகக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. பெயர் தவறாக இருந்தால் செய்தி பொய். பெயர் சரியாக இருந்தால் அடுத்த ஓரத்தைப் பார்க்க வேண்டும். அது லிங்க்.

அத்தையின் படத்தில் இருந்த லிங்க் இந்தச் சாயலில் இருந்தது. கடைசிச் சொல்லை மட்டும் நான் மாற்றியிருக்கிறேன்:

`http://mybank.bank.in.pan-kyc.example/login`

"பேங்க் பேரு இருக்கேப்பா" என்றார் அத்தை. இருக்கிறது, ஆனால் இருக்கக் கூடாத இடத்தில். இணைய முகவரியை வலமிருந்து படிக்க வேண்டும். `http://` என்பதைத் தள்ளிவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோடு வரை போய் நில்லுங்கள். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பிப் படியுங்கள். சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருப்பதுதான் இடத்தின் சொந்தக்காரர். இங்கே அது `pan-kyc.example`. அதற்கு இடப்பக்கம் அந்தச் சொந்தக்காரன் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். வங்கிப் பெயரையும் எழுதலாம், ரிசர்வ் வங்கிப் பெயரையும் எழுதலாம்.

இதற்காகவே ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த முடிவு வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். `.bank.in` வந்த கையோடு சாய்கோடு வர வேண்டும், அல்லது முகவரி அங்கேயே முடிய வேண்டும். அதற்குப் பிறகு ஒரு புள்ளி வைத்து இன்னொரு பெயர் தொடர்ந்தால் அது வங்கி அல்ல. சுருக்கிய லிங்க் என்றால் சொந்தக்காரர் யார் என்பதே படத்தில் தெரியாது. தெரியாத வாசலுக்குள் போக வேண்டாம். லிங்க்குக்குப் பதில் `.apk` என்று முடியும் கோப்பு வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். அதை நிறுவி, கேட்கும் அனுமதியைக் கொடுத்தால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யை அது அவனுக்கு அனுப்பிவிடும்.

மூன்றாவது ஓரம், கெடு. "இன்றே முடக்கப்படும்" என்பது வங்கி நடைமுறையே அல்ல. கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டுமென்றால், தேதிக்கு முன்பே குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தியது. தேதி தாண்டிய பிறகும் நினைவூட்டல்கள் உண்டு. கடிதமே வராத வீட்டுக்கு இரவோடு இரவாக முடக்கம் வராது.

பரிசுச் செய்திக்கும் இதே வாசிப்புதான். "கே.பி.சி. லாட்டரியில் 25 லட்சம்" என்று வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றும் படத்தில் நடிகர் படம், முத்திரை, லாட்டரி எண் எல்லாம் பளபளவென்று இருக்கும். பல சமயம் அனுப்பிய எண் +92 என்று தொடங்கும். அது பாகிஸ்தான் குறியீடு. பேச்சுக் கொடுத்தால், வரியை முன்னால் கட்டச் சொல்வார்கள். லாட்டரிப் பணத்துக்கான வரியை, பணம் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பதுதான் வருமான வரிச் சட்டம். ரொக்கப் பரிசு வாங்க நீங்கள் முன்பணம் கட்டும் ஏற்பாடு அதில் இல்லை. தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையே 2003-லிருந்து கிடையாது. சீட்டே வாங்காதவருக்குப் பரிசு எங்கிருந்து விழும்?

படத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் தீர்மானிக்கவும் முடியாது. சந்தேகம் மிஞ்சினால் செய்தியில் உள்ள எண்ணைக் கூப்பிடாதீர்கள். ஏ.டி.எம். அட்டையின் பின்புறமோ பாஸ்புக்கிலோ உள்ள எண்ணைக் கூப்பிடுங்கள்.

லிங்கை அழுத்தி விவரம் கொடுத்துவிட்டீர்கள், பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், `cybercrime.gov.in` தளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் கைமாறி எடுக்கப்படுவதற்குள் சொன்னால்தான் நடுவழியில் நிறுத்தி வைக்க முடியும். செய்தியை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதையும் மேலே கீழே வெட்டாமல் முழுசாக எடுங்கள்.