இட்லிப் பொடிக்கு எத்தனை வரி?

அன்னதானச் சமையலில் நமக்கு உதவும் அக்கா ஒருவர், வீட்டில் அரைத்த இட்லிப் பொடியை இணையக் கடையில் விற்கிறாங்க. அதன் விவரத்தைச் சுருக்கித் தரக் கேட்டாங்க. ஒரு பக்கம் இருந்தது. கைப்பேசியில் முதல் சில வரிதான் தெரியும், மீதிக்குத் தட்டணும். அந்த வரிகளில் பாட்டி கதை. "பூண்டு இல்லை" என்பதோ கடைசியில். விரதம் இருக்கிறவங்க அதைத்தானே முதலில் தேடுவாங்க?

வெட்டுவதற்கு முன், வாங்கியவங்க அனுப்பிய கேள்விகளைப் படிச்சேன். எத்தனை கிராம், பூண்டு இருக்கா, காரம் எப்படி, எத்தனை நாள் தாங்கும். இந்த நாலுக்கும் பதில் இருக்கணும். எள்ளை யாரும் கேட்கலை. ஆனா சிலருக்கு ஒவ்வாது, அதனால் அதுவும் இருக்கணும். "தரமான", "மிகச் சுவையான" எல்லாம் போச்சு. எந்தப் பொடிக்கும் அப்படிச் சொல்லலாமே.

இவ்வளவு மட்டும் எழுதினா மருந்து டப்பா மாதிரி இருக்கும். அதனால் அக்கா பேசுற மாதிரியே ஒரு வரி விட்டேன்:

"பூண்டு சேர்க்காத இட்லிப் பொடி, 200 கிராம். பாட்டி பக்குவம். உளுந்து, கடலைப் பருப்பு, எள், மிளகாய், கறிவேப்பிலை, உப்பு. நடுத்தரக் காரம். இறுக்கி மூடி வச்சா 2 மாதம் தாங்கும். நல்லெண்ணெய் விட்டுக் குழைச்சுப் பாருங்க, இன்னும் ரெண்டு இட்லி கேட்பீங்க!"

இனியும் அதே கேள்வி வந்தா, அந்தப் பதிலை இன்னும் மேலே ஏத்தணும்.