4.2 வோல்ட் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான லித்தியம்-அயன் செல்களின் டேட்டாஷீட்டில் ஒரே வரைபடம்தான். மின்னழுத்தக் கோடு ஏறிக்கொண்டே போய் 4.2 வோல்ட்டில் படுத்துவிடும். அதுவரை படுத்திருந்த மின்னோட்டக் கோடு அந்த இடத்திலிருந்து சரியத் தொடங்கும். முதலில் மாறா மின்னோட்டம், பிறகு மாறா மின்னழுத்தம். இந்த இரண்டு கட்டங்களுக்கு மூலம் எது, 4.2 என்ற எண் எப்படி வந்தது என்று தேடிப் போனேன்.

முதல் லித்தியம்-அயன் செல்லை 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது சோனி. விடையும் அங்கேதான் இருக்கும் என்று எண்ணினேன். ஆனால் இரண்டு கட்ட முறை அதைவிடப் பழையது. ஈய-அமில பேட்டரிகளை வெகுகாலமாக இப்படித்தான் ஏற்றி வருகிறார்கள். நம் வீட்டு இன்வெர்ட்டர் செய்வதும் பெரும்பாலும் இதையே. ஜெர்மானியர் இதற்கு ஐ-யூ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்: ஐ மின்னோட்டத்துக்கு, யூ மின்னழுத்தத்துக்கு. லித்தியத்துக்கு முறை இரவல்தான்.

இரவல் வாங்கியதில் கடுமை மட்டும் கூடிவிட்டது. ஈய-அமில பேட்டரி நிறைந்த பிறகும் மின்சாரம் பாய்ந்தால் தண்ணீர் பிரிந்து வாயுவாகும். தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. நிக்கல்-காட்மியம் செல்லில் உண்டாகும் ஆக்சிஜன் மறுமுனையில் வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடும். அதனால் அவற்றைச் சிறு மின்னோட்டத்தில் விட்டுவைக்கலாம். லித்தியம்-அயன் செல்லில் இப்படி ஒரு வடிகால் இல்லை. மிகையாக ஏற்றுவது எல்லாம் செல்லின் உடம்பைத்தான் அரிக்கும்.

எந்த இடத்திலிருந்து மிகை என்று கேட்டால், தேடல் 1980க்குப் போகிறது. அந்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃப், மிசுஷிமா குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனையாக முன்வைத்தார்கள். அதிலுள்ள லித்தியத்தில் ஏறக்குறைய பாதியை வெளியே எடுக்கலாம். அதற்கு மேல் உருவினால் படிக அடுக்கு நிலைகுலையத் தொடங்கும், ஆக்சிஜனும் பிரியக்கூடும். மறுமுனையில் கிராஃபைட் இருக்கும்போது அந்தப் பாதியளவு எல்லை ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் வருகிறது. எண்ணைக் கொடுத்தது கோபால்ட்தான்; வாரியமோ சட்டமோ அல்ல. 4.1 வோல்ட்டுக்கான செல்களும் ஒரு காலத்தில் புழங்கின. அன்றைய சார்ஜர் சிப்புகள் 4.1, 4.2 என்று இரண்டு வகையாகவே விற்கப்பட்டன.

சரி, 4.2 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டால் ஆகாதா? 2,000 மில்லிஆம்பியர்-மணி செல் ஒன்றை 1 ஆம்பியரில் ஏற்றுவதாகக் கொள்வோம். செல்லின் உள்தடையும், அயனிகள் முனைப்பொருளின் துகள்களுக்குள் நகர எடுக்கும் தாமதமும் சேர்ந்து 0.15 ஓம் என்று வைத்துக்கொண்டால், மீட்டர் 4.2 காட்டும்போது செல்லின் உண்மை நிலை 4.05 வோல்ட்தான். மீதி 0.15 வோல்ட் ஓட்டத்தால் வந்த பொய். டவுன் பஸ்ஸில் உள்ளே இடமிருந்தும் படிக்கட்டில் நெரிசல் இருப்பது மாதிரி, துகளின் விளிம்பு நிரம்பிவிட்டது. நடுவில் இடம் பாக்கி. இந்தக் கணத்தில் நிறுத்தினால் ஐந்தில் நான்கு பங்கு அளவே ஏறியிருக்கும். நிறுத்தாமல் அதே ஆம்பியரில் தள்ளினால் விளிம்பு 4.2ஐத் தாண்டும். ஆகவே சார்ஜர் மின்னழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைச் செல்லின் போக்குக்கு விடுகிறது. ஓட்டம் குறையக் குறைய அந்தப் பொய்யும் சுருங்கும். 100 மில்லிஆம்பியரில் அது 0.015 வோல்ட்தான். செல் 4.185ஐ எட்டிவிட்டது, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கடைசி ஐந்தில் ஒரு பங்குக்கு அவ்வளவு நேரம் பிடிப்பதும் இதனால்தான். வேகமாக ஏற்றினால் 4.2 சீக்கிரம் வரும், ஆனால் இரண்டாம் கட்டம் நீளும். "அரை மணியில் 80 சதவீதம்" என்ற விளம்பரங்கள் மீதி இருபதைப் பற்றிப் பேசாததில் எனக்கு வியப்பில்லை.

இந்தக் கதை முழுவதும் இன்று ஒரு மலிவான சிப்புக்குள் அடங்கிவிட்டது. பவர் பேங்க், விளக்கு என்று எங்கும் புழங்கும் டிபி4056 செல்லை 2.9 வோல்ட் வரை மெதுவாக ஏற்றும், பிறகு முழு மின்னோட்டம், பிறகு 4.2 வோல்ட், அமைத்த மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்ததும் நிறுத்தும். செல்லிலேயே ஒரு விளக்கையும் இணைத்துவிட்டு ஏற்றினால் அந்தப் பத்தில் ஒரு பங்கு வராமலே போகலாம். சிவப்பு விளக்கு மாறாமல் இரவெல்லாம் எரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தச் சிப் பொருத்தி வரும் பலகையில் வழக்கமாக 1.2 கிலோ-ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அது 1 ஆம்பியருக்கானது. 400 மில்லிஆம்பியர்-மணி சிறு செல்லுக்கு அது மிக அதிகம். கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாத லித்தியம் மேலேயே உலோகமாகப் படியும். 4.2 வோல்ட் எல்லை இதைத் தடுக்காது. 1,200ஐ ரெசிஸ்டரின் ஓம் மதிப்பால் வகுத்தால் ஆம்பியர் வரும். 6 கிலோ-ஓம் போட்டால் 200 மில்லிஆம்பியர். அந்தச் செல்லுக்கு அது போதும்.